கூச்சமுள்ளவர்களுக்கு ஆங்கில நாட்குறிப்பு: எழுத்திலிருந்து பேச்சுக்கு

ஆங்கிலம் ஓரளவு படிக்கத் தெரிந்தும் நாலு பேர் முன்னால் பேச வாய் வராதவர்களுக்கு நாட்குறிப்பு ஏற்ற பயிற்சி. எழுதும்போது யாரும் எதிரே நிற்பதில்லை, அவசரப்படுத்துவதும் இல்லை. ஆனால் எழுதி மூடி வைத்துவிட்டால் எழுத்து மட்டுமே தேறும். எழுதியதையே வாயால் சொல்லிப் பழகினால்தான் பேச்சில் சரளம் வரும்.

முதல் படி: பத்து நிமிடம், ஆறு வாக்கியம்

தனியாக ஒரு நோட்டு வேண்டும். அதை யாரிடமும் காட்டத் தேவையில்லை. தினமும் ஒரே நேரத்தில், பத்து நிமிடம் மட்டும் எழுத வேண்டும். அன்று நடந்த ஒரே ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, எங்கே போனது, யாரைப் பார்த்தது, என்ன நடந்தது, அடுத்து என்ன செய்யப்போவது என்று ஆறு வாக்கியத்தில் முடிக்கலாம். காலை முதல் இரவு வரை முழு நாளையும் எழுதினால், எழுந்தது, பல் தேய்த்தது, சாப்பிட்டது என்று அதே வரிகள்தான் தினமும் திரும்ப வரும்.

இரண்டாம் படி: நீள வாக்கியத்தை உடைத்தல்

தமிழில் 'கடைக்குப் போய், வரிசையில் நின்று, சர்க்கரை வாங்கி வந்தேன்' என்று பல செயல்களை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். இதை அப்படியே ஆங்கிலத்தில் கொண்டுவர முயலும்போதுதான் பேனா நின்றுவிடுகிறது. ஒவ்வொரு செயலையும் தனி வாக்கியமாக்கினால் சிக்கல் தீரும்: 'ஐ வென்ட் டு த ஷாப். ஐ ஸ்டுட் இன் த க்யூ. ஐ பாட் சுகர்.' தொடக்கத்தில் இந்த அளவே போதும்.

மூன்றாம் படி: நிறுத்தாமல் எழுதுதல்

பத்து நிமிடத்துக்குள் அகராதியைப் புரட்டக் கூடாது, அடித்துத் திருத்தவும் கூடாது. ஆங்கிலச் சொல் வராத இடத்தில் தமிழையே எழுதிவிட்டு மேலே போகலாம். ரேஷன் கடைக்குப் போய் வந்த ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

'டுடே ஐ வென்ட் டு ரேஷன் ஷாப். த க்யூ வாஸ் லாங். ஒன் ஓல்டு மேன் புலம்பிக்கொண்டே இருந்தார். ஐ டிட் நாட் காட் சுகர். ஐ கேம் ஹோம் அட் ட்வெல்வ். டுமாரோ ஐ வில் கோ எர்லி.'

நான்காம் படி: மறுநாள் திருத்தம்

திருத்த வேலையை மறுநாளைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் தமிழில் விட்ட சொல்லை நிரப்பலாம்: 'ஒன் ஓல்டு மேன் கெப்ட் கம்ப்ளெய்னிங்.' அடுத்து, ஒரு வாரத்துக்கு ஒரே வகைப் பிழையை மட்டும் தேட வேண்டும். முதல் வாரம் இறந்தகால வினை என்றால், 'டிட்' வந்த பிறகு வினை மாறாது என்பதால் 'டிட் நாட் காட்' என்பது 'டிட் நாட் கெட்' ஆகும். 'ரேஷன் ஷாப்' முன்னால் 'த' விடுபட்டிருப்பது அடுத்த வாரத்து வேலை. எல்லாப் பிழையையும் ஒரே நாளில் வட்டமிட்டால், கூச்சமுள்ளவர் மறுநாள் நோட்டைத் திறக்க மாட்டார்.

ஐந்தாம் படி: வாயால் சொல்லுதல்

ஒரே செய்தியை நான்கு, மூன்று, இரண்டு நிமிடங்களில் அடுத்தடுத்து மூன்று பேரிடம் சொல்லும் பயிற்சி ஒன்று உண்டு. மொழி கற்பித்தல் அறிஞர் பால் நேஷன் 1989-இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். செய்தி பழகிப்போவதால் ஒவ்வொரு முறையும் தயக்கம் குறைகிறது. நாட்குறிப்பு எழுதுபவர் இதைத் தனி அறையிலேயே செய்யலாம். திருத்திய ஆறு வாக்கியத்தை ஒருமுறை உரக்கப் படித்துவிட்டு, நோட்டை மூடி, முதலில் ஒரு நிமிடம், பிறகு முக்கால் நிமிடம், கடைசியாக அரை நிமிடத்தில் சொல்ல வேண்டும். மனப்பாடமாக ஒப்பிக்கத் தேவையில்லை; வாக்கியம் மாறினாலும் செய்தி வந்தால் சரி. சில வாரம் கழித்து, அதில் ஒரு வாக்கியத்தை மட்டும் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிப் பார்க்கலாம்.

முன்னேற்றத்தை அறிவது

மாதம் ஒருமுறை பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் ஒப்பிட வேண்டும். பத்து நிமிடத்தில் வரிகள் கூடியிருக்கின்றனவா, நடுவே வரும் தமிழ்ச் சொற்கள் குறைந்திருக்கின்றனவா என்று பார்த்தாலே போதும். வரிகள் கூடாமல் அகராதிச் சொற்கள் மட்டும் பெருகினால், நிறுத்தாமல் எழுதும் விதி தவறியிருக்கிறது என்று பொருள்.

பிறர் பேசுவதைக் காதால் பிடிப்பதையும் உச்சரிப்பையும் நாட்குறிப்பு கற்றுத்தராது. அவற்றுக்குத் தினமும் கொஞ்ச நேரம் ஆங்கிலம் கேட்டாக வேண்டும்.