நெஞ்செரிவு நின்றாலும் எண்டோஸ்கோப்பி ஏன்?

பசறைப் பக்கத் தோட்டத்தில் ஒருவர்: 56 வயது, பீடிப் பழக்கம், பத்து வருட நெஞ்செரிவு என்று வைத்துக்கொள்வோம். ஒமெப்ரசோல் குடித்தால் எரிவு நிற்கிறது. ஆனால் அமிலம் பட்டுப் பட்டு, உணவுக்குழாயின் அடியில் வெளிறிய உட்தோல் சிவந்து, குடலின் உட்தோலைப்போல மாறியிருக்கலாம். இதுதான் ‘பரெட்’ மாற்றம். அது வலிக்காது, மாத்திரையால் பெரும்பாலும் பழையபடி ஆகாது.

அதனால் இப்படிப்பட்டவர் பதுளை பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் எண்டோஸ்கோப்பி பற்றிக் கேட்க வேண்டும். மாற்றம் தெரிந்தால் சிறு சதைத்துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். கலங்கள் கெடவில்லை என்றால், பொதுவாக 3 முதல் 5 வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். கெடத் தொடங்கியிருந்தால் சில மாதங்களிலேயே மறுபடி பார்ப்பார்கள். பெரும்பாலானோருக்கு இது புற்றுநோயாவதில்லை. ஆகப்போவதை முன்பே கண்டால் எண்டோஸ்கோப்பிக் குழாய் வழியாகவே அகற்றலாம்.

பழைய அறிக்கையைக் கிளினிக் கொப்பியோடு பத்திரமாக வையுங்கள். ரொட்டி நெஞ்சில் சிக்கினாலோ, உடல் மெலிந்தாலோ, மலம் கறுத்தாலோ, கொடுத்த திகதி வரை காத்திருக்காமல் உடனே போங்கள்.