சராசரி ஆறு என்றால் ஒவ்வொரு மணியிலும் ஆறா?

நம்பிக்கை: மணிக்குச் சராசரியாக 6 அழைப்புகள் வந்தால், ஏறக்குறைய 10 நிமிடத்துக்கு ஒன்று வரும்.

உண்மை: வராது. ஓர் உதவி எண்ணுக்கு இரவில் மணிக்குச் சராசரி 6 அழைப்புகள் வருவதாக வைத்துக்கொள்வோம். அழைப்பவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள். யார் எப்போது அழைப்பது என்று அவர்கள் பேசி முடிவு செய்துகொள்வதில்லை. அப்படியிருக்க, அழைப்புகள் மட்டும் வரிசையில் நின்று பத்து நிமிட இடைவெளி விட்டு வருவதற்குக் காரணம் ஏதும் இல்லை.

ஒரு மணி நேரத்தை 3600 நொடிகளாக உடைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். ஒரு குறிப்பிட்ட நொடியில் அழைப்பு வருவதற்கான வாய்ப்பு 600-இல் 1. வராமல் இருப்பதற்கான வாய்ப்பு 600-இல் 599. முழு மணி நேரமும் ஓர் அழைப்புகூட வராமல் போக வேண்டுமானால், இந்த 599/600 என்பதை 3600 முறை தன்னோடு பெருக்க வேண்டும். விடை 0.00247. நொடியை இன்னும் நுணுக்கி, இன்னும் நுணுக்கி உடைத்துக்கொண்டே போனால் விடை e^(−6), அதாவது 0.00248 என்ற இடத்தில் வந்து நிற்கும். பிரெஞ்சுக் கணிதவியலாளர் பாய்சான் 1837-இல் வெளியிட்ட நூலில் இடம்பெற்ற சூத்திரத்தின் அடித்தளம் இதுதான்:

P(k) = λ^k · e^(−λ) / k!

λ என்பது சராசரி, இங்கே 6. k என்பது நாம் கேட்கும் எண்ணிக்கை. k! என்பது 1 முதல் k வரையுள்ள எண்களின் பெருக்கம். சராசரி ஒன்று தெரிந்தால் போதும், ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் உரிய நிகழ்தகவு கிடைத்துவிடும். பாய்சான் பரவலின் வலிமையும் அதுதான், பிற்பாடு நாம் பார்க்கப்போகும் ஆபத்தும் அதுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சரியாக 6 அழைப்புகள் வருவதற்கான நிகழ்தகவு 0.16. ஆறு மணி நேரத்தில் ஒரு மணி நேரம்தான் “சராசரியான” மணி நேரமாக இருக்கும். இரண்டோ அதற்குக் குறைவோ வருவதற்கு 0.06. பத்தோ அதற்கு மேலோ வருவதற்கு 0.084, அதாவது ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரத்தில் ஒரு முறை. ஆறுக்கு மேல் வருவதற்கு 0.39. மணிக்கு ஆறு பேருக்கு மட்டும் பதில் சொல்லும் அளவுக்கு ஆட்களை அமர்த்தும் நிர்வாகம், பத்தில் நான்கு மணி நேரம் தன் அளவைத் தாண்டிய கூட்டத்தைச் சந்திக்கும். அப்போது யாரோ ஒருவர் காதில் தொலைபேசியை வைத்தபடி காத்திருக்கிறார். இதை ஊழியரின் சுணக்கம் என்று எழுதி வைப்பது அநியாயம்.

கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய எர்லாங் என்ற டேனிஷ் கணிதவியலாளர், அழைப்புகளின் வருகைக்கு இந்தப் பரவல் பொருந்துவதை 1909-இலேயே கட்டுரையாக எழுதிவிட்டார். எத்தனை இணைப்புகள் வேண்டும் என்பதைச் சராசரியை மட்டும் கொண்டு தீர்மானிக்கக் கூடாது என்பது அந்தத் துறைக்கு நூறாண்டுக்கு முன்பே தெரிந்த செய்தி.

நம்பிக்கை: நெடுநேரம் அழைப்பு வரவில்லையென்றால், அடுத்தது சீக்கிரம் வந்தாக வேண்டும்.

உண்மை: வந்தாக வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. அடுத்த பத்து நிமிடத்தில் அழைப்பு வராமலிருக்கும் வாய்ப்பு 0.37. கடைசி அழைப்பு இப்போதுதான் முடிந்திருந்தாலும் 0.37, இருபது நிமிடம் மௌனமாகக் கழிந்திருந்தாலும் 0.37. புதிதாக அழைக்கப்போகிறவருக்கு, இங்கே இருபது நிமிடமாக மணி அடிக்கவில்லை என்பது தெரியாது.

இதே காரணத்தால் இடைவெளிகளும் ஒரே சீராக இருப்பதில்லை. நூறு இடைவெளிகளை எடுத்தால் சுமார் 63, சராசரியான பத்து நிமிடத்தைவிடக் குறுகியவை. சுமார் 18, இரண்டு நிமிடத்துக்கும் குறைவானவை. மறுபக்கம் 13 அல்லது 14 இடைவெளிகள் இருபது நிமிடத்தைத் தாண்டும். அழைப்புகள் “மொத்தமாக வந்து விழுகின்றன, பிறகு ஓய்ந்துவிடுகின்றன” என்று ஊழியர்கள் சொல்வது மிகை அல்ல. சீரான சராசரி வேகத்தில், தற்செயலாக வரும் நிகழ்வுகளின் இயல்பான முகமே அது.

நம்பிக்கை: ஓரிடத்தில் கொத்தாக நிகழ்ந்தால், பின்னால் ஒரு காரணம் இருந்தே தீரும்.

உண்மை: இந்த நம்பிக்கை மிக ஆழமானது, மக்கள் உயிரச்சத்தில் இருக்கும்போது இன்னும் ஆழமாகிறது. 1944 ஜூன் முதல் ஜெர்மனியின் வி-1 பறக்கும் குண்டுகள் லண்டன்மீது விழத் தொடங்கின. சில பகுதிகளில் அடுத்தடுத்து விழுந்தன, சில தப்பின. குண்டுகள் கொத்துக் கொத்தாக விழுகின்றன என்ற பேச்சு நகரில் அடிக்கடி எழுந்தது. அது உண்மையானால், தனித்தனிப் பகுதிகளைக் குறிவைக்கும் திறன் எதிரிக்கு இருக்கிறது என்று பொருள்.

ஆர். டி. கிளார்க் என்ற காப்பீட்டுக் கணக்கியலாளர் இதைச் சோதித்து 1946-இல் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். தெற்கு லண்டனில் 144 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பை எடுத்து, கால் சதுர கிலோமீட்டர் வீதம் 576 கட்டங்களாகப் பிரித்தார். அங்கே விழுந்தவை 537 குண்டுகள். ஆகவே கட்டத்துக்குச் சராசரி 537/576 = 0.9323. இங்கே மணி நேரத்தின் இடத்தில் கட்டம் வந்திருக்கிறது, சூத்திரம் மாறவில்லை.

குண்டே விழாத கட்டங்கள் எத்தனை இருக்க வேண்டும்? e^(−0.9323) என்பது 0.3937. அதை 576-ஆல் பெருக்கினால் 226.7. இதற்குப் பிறகு சூத்திரத்தை மீண்டும் மீண்டும் போட வேண்டியதில்லை. இந்த விடையை 0.9323-ஆல் பெருக்கினால் ஒரு குண்டு விழுந்த கட்டங்களின் கணக்கு வரும். அதை 0.9323-ஆல் பெருக்கி 2-ஆல் வகுத்தால் இரண்டு விழுந்தவை; அடுத்து 3-ஆல், பிறகு 4-ஆல் வகுத்துக்கொண்டே போகலாம். கணக்கையும் களத்தையும் அருகருகே வைத்தால்:

ஒன்றும் விழாதவை: கணக்கில் 226.7, களத்தில் 229
ஒன்று: 211.4, 211
இரண்டு: 98.5, 93
மூன்று: 30.6, 35
நான்கு: 7.1, 7
ஐந்தும் அதற்கு மேலும்: 1.6, 1

கடைசி வரியிலுள்ள அந்த ஒரே கட்டத்தில் ஏழு குண்டுகள் விழுந்திருந்தன. அங்கே வாழ்ந்தவர்களிடம் இது தற்செயல் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். அவர்கள் பட்ட துயரம் உண்மை. அதிலிருந்து அவர்கள் ஊகித்திருக்கக்கூடிய குறிவைப்புக்கு மட்டும் இந்த எண்களில் சான்று இல்லை. வி-1 குண்டில் ஆள் கிடையாது. திசையைச் சுழல்காட்டி காத்தது. தூரத்தை முனையிலிருந்த சிறு காற்றாடியின் சுற்றுகளை எண்ணும் கருவி அளந்தது. லண்டன் என்ற பெருநகரை நோக்கி அனுப்பலாம், ஒரு தெருவைத் தேர்ந்தெடுக்க முடியாது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு விவரம் உண்டு, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. கிளார்க் முழு லண்டனையும் எடுக்கவில்லை. குண்டு விழும் வாய்ப்பு ஏறக்குறைய ஒரே அளவாக இருந்த ஒரு பகுதியைத் தேடி எடுத்தார். நகரம் முழுவதையும் கட்டம் போட்டிருந்தால், அதிகம் விழுந்த தெற்கும் குறைவாக விழுந்த பிற பகுதிகளும் கலந்து, சூத்திரம் பொருந்தாமல் போயிருக்கும்.

நம்பிக்கை: எண்ணக்கூடியது எதுவானாலும், சராசரி தெரிந்தால் இந்தச் சூத்திரத்தைப் போடலாம்.

உண்மை: மேலே சொன்ன ஆபத்து இதுதான். எந்தச் சராசரியைக் கொடுத்தாலும் சூத்திரம் விடை தரும். தவறான இடத்தில் கேட்கிறீர்கள் என்று எச்சரிக்காது.

நமது உதவி எண்ணையே எடுத்துக்கொள்வோம். பாதி மணி நேரங்களில் சராசரி 2, மீதிப் பாதியில் சராசரி 10 என்றால் மொத்தச் சராசரி அப்போதும் 6. ஆனால் பத்தோ அதற்கு மேலோ அழைப்புகள் வருவதற்கான நிகழ்தகவு 0.084 அல்ல, 0.27. பன்னிரண்டு மணி நேரத்தில் ஒரு முறை வரும் என்று நம்பிய கூட்டம், நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை வந்து நிற்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. பாய்சான் பரவலில் சராசரியும் விலக்க வர்க்கச் சராசரியும் சமம். பதிவேட்டிலுள்ள மணிவாரி எண்ணிக்கைகளுக்கு இரண்டையும் கணக்கிட்டு, பின்னதை முன்னதால் வகுக்க வேண்டும். நூறு மணி நேரப் பதிவு கையில் இருந்தால், விடை 0.7-க்கும் 1.3-க்கும் இடையில் இருப்பது சாதாரணம். மேலே சொன்ன இரண்டும் பத்தும் கலந்த நிலையில் விலக்க வர்க்கச் சராசரி 22 ஆகிவிடும்; விகிதம் 3.7-ஐத் தொடும்.

விகிதம் 1-ஐ மிகவும் தாண்டினால் இரண்டு சந்தேகங்களைத்தான் முதலில் துருவ வேண்டும். ஒன்று, வேகம் நேரத்துக்கு நேரம் மாறுகிறது. மற்றது, ஓர் அழைப்பு இன்னோர் அழைப்பைக் கூட்டி வருகிறது: ஒரே மின்வெட்டுக்குத் தெருவே அழைக்கிறது, அல்லது இணைப்பு கிடைக்காதவர் திரும்பத் திரும்ப அழைக்கிறார்.

விகிதம் 1-க்கு மிகவும் கீழே இறங்கினாலும் நிம்மதி அடையக் கூடாது. பதிவேட்டில் எடுத்துப் பேசிய அழைப்புகள் மட்டுமே ஏறியிருக்கலாம். இரண்டு ஊழியர்களால் மணிக்கு எட்டு அழைப்புகளுக்குத்தான் பதில் சொல்ல முடியும் என்றால், பதினான்கு பேர் அழைத்த மணி நேரமும் எட்டு என்றே பதிவாகும். உச்சிகள் வெட்டுப்பட்டு எண்கள் சீராகத் தெரியும். சராசரியும் உள்ளதைவிடக் குறைந்து காட்டும். அந்தச் சராசரியை λ என்று எடுத்துப் போடும் கணக்கு, இணைப்புக் கிடைக்காமல் போனவர்களை இல்லாதவர்களாக்கிவிடும். ஆகவே கணக்கைத் தொடங்குமுன், துண்டிக்கப்பட்ட அழைப்புகளின் பதிவையும் கேட்டு வாங்கிச் சேர்க்க வேண்டும். பிறகு பகலையும் இரவையும், வேலை நாளையும் விடுமுறையையும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி λ கண்டு, விகிதத்தைத் தனித்தனியே பார்க்க வேண்டும்.