வெட்டும் இடத்தில் மட்டும் என்கோட்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: `-c copy` போட்டால், சொன்ன நொடியில் சரியாக வெட்டிக் கொடுக்கும்.

பெரும்பாலும் கொடுக்காது. எச்.264 வீடியோவில் முழுப் படமாக இருப்பவை கீஃபிரேம்கள் மட்டுமே. மற்ற பிரேம்களில் அக்கம்பக்கத்துப் பிரேமிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்புதான் இருக்கும். அப்படியே நகல் எடுக்கும்போது நடுவிலிருந்து தொடங்க முடியாது. முந்தைய கீஃபிரேமுக்குப் போய்த்தான் ஆரம்பிக்க வேண்டும். சில எம்பி4 கோப்புகளில், கூடுதலாக வந்த பிரேம்களைக் காட்டாதே என்று ஒரு குறிப்பு மட்டும் எழுதப்படும். அதை மதிக்கும் பிளேயரில் வெட்டு சரியாகத் தெரியும், மதிக்காததில் பழைய காட்சி எட்டிப் பார்க்கும்.

ஒரு கச்சேரிப் பதிவை எடுத்துக்கொள்வோம். ஒரே இடத்தில் நிறுத்திய கேமரா, நொடிக்கு 25 பிரேம், x264-இன் இயல்பு அமைப்பில் சேமித்தது. அதில் கீஃபிரேம்களுக்கு இடையே அதிகபட்சம் 250 பிரேம். காட்சி மாறாததால் சரியாகப் பத்து நொடிக்கு ஒன்று. தனி ஆவர்த்தனம் 1:12:34-இல் தொடங்கி 1:18:07-இல் முடிகிறது. கீஃபிரேம்கள் எங்கே என்பதை இப்படிப் பார்க்கலாம்:

```
ffprobe -v error -sexagesimal -select_streams v:0 -skip_frame nokey \
  -show_entries frame=pts_time -of csv=p=0 kacheri.mp4
```

1:12:30, 1:12:40 என்று பட்டியல் வரும். 34-ஆம் நொடி இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. ஆகவே 30-இலிருந்து டீகோட் செய்து, முதல் நான்கு நொடியைத் தள்ளிவிட்டு, 34 முதல் 40 வரையிலான 150 பிரேம்களைப் புதிதாக என்கோட் செய்ய வேண்டும். 1:12:40 முதல் 1:18:00 வரை 8,000 பிரேம்கள் ஒரு பிட் மாறாமல் அப்படியே வரும். கடைசி ஏழு நொடியில் 175 பிரேம். மொத்தம் 8,325-இல் 325-ஐ மட்டும் தொட்டிருக்கிறோம். நூற்றுக்கு நான்கு கூட இல்லை.

நம்பிக்கை: தலையும் வாலும் ஒரே மாதிரி, இரண்டையும் என்கோட் செய்தே ஆக வேண்டும்.

தலைப்பகுதிக்குத்தான் அந்தக் கட்டாயம். வாலில் உள்ள பிரேம்கள் பெரும்பாலும் தங்களுக்கு முன்னால் வந்ததையே நம்பி நிற்கின்றன. முன்னால் வந்தது கையில் இருக்கிறது. பின்னால் வருவதையும் பார்க்கும் பி-பிரேம்கள் மட்டுமே இடைஞ்சல். x264 இயல்பாக அடுத்தடுத்து மூன்று பி-பிரேம் வரை வைக்கும். கடைசியில் இரண்டு மூன்று பிரேம் கூடினாலும் குறைந்தாலும் பரவாயில்லை என்றால், வாலை நகலாகவே விட்டுவிடலாம்.

நம்பிக்கை: இரண்டும் எச்.264 தானே, ஒட்டினால் ஒட்டிக்கொள்ளும்.

பலருடைய வேலை கெடுவது இங்கேதான். தரம் குறைந்து ஒட்டிய இடம் தெரியுமோ என்று பயப்படுகிறார்கள்; அந்த ஆறு நொடிக்கு `-crf 16` அளவில் தாராளமாகக் கொடுத்தால் கண்ணுக்குத் தெரியாது. உண்மையான சிக்கல், ஒவ்வொரு என்கோடரும் வீடியோவோடு சேர்த்து எழுதும் அமைப்புக் குறிப்புகளில் இருக்கிறது. எத்தனை பிரேமை நினைவில் வைக்க வேண்டும், எந்த புரொஃபைல், தொடக்க அழுத்த அளவு என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். எம்பி4 இதை வழக்கமாகக் கோப்பின் முகப்பில் ஒரே இடத்தில் வைக்கிறது. மூன்று துண்டுகளை ஒட்டும்போது முதல் துண்டின் குறிப்பு மட்டும் மிஞ்சினால், நம் ஆறு நொடி அழகாக ஓடும். தொடாமல் காத்த நடுப்பகுதிதான் பச்சைக் கட்டங்களாகச் சிதறும்.

இதற்கு வழி, துண்டுகளை ஒட்டும் முன் `h264_mp4toannexb` வடிகட்டி வழியாக `.ts` கோப்புகளாக மாற்றுவது. அப்போது அந்தந்தத் துண்டின் குறிப்பு அதனதன் கீஃபிரேமுக்கு முன்னாலேயே போய் உட்காரும். புரொஃபைல், நிற அமைப்பு, பிரேம் வேகம் ஆகியவற்றையும் மூலத்தோடு பொருத்தியே என்கோட் செய்ய வேண்டும். ஹெச்.இ.வி.சி. கோப்பானால் இன்னொரு எச்சரிக்கை: x265 இயல்பாகத் திறந்த தொகுதிகளை எழுதும். அதில் கீஃபிரேமை ஒட்டி வரும் சில பிரேம்கள் அதற்கு முந்தைய தொகுதியையும் பார்க்கும். நாம் முந்தையதை மாற்றிவிட்டதால், ஒட்டிய இடத்தில் அவை கலங்கலாம் அல்லது காணாமல் போகலாம்.

நம்பிக்கை: ஆடியோவையும் மூன்று துண்டாக்க வேண்டும்.

வேண்டாம். 48 கிலோஹெர்ட்ஸ் ஏஏசி ஆடியோவில் ஒரு கட்டு 1,024 மாதிரிகள், ஏறக்குறைய 21 மில்லிநொடி. ஒரு வீடியோ பிரேமின் 40 மில்லிநொடியை விடச் சிறியது. முழு நீளத்தையும் ஒரே துண்டாக நகல் எடுத்துச் சேர்த்தால் போதும். துண்டு துண்டாக என்கோட் செய்தால் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் சிறிது வெற்று ஒலி சேரும். மிருதங்கத்தின் நடையில் அது உடனே காதில் இடறும்.

நம்பிக்கை: என் கணினியில் ஓடினால் சரியாக வந்துவிட்டது.

கணினிப் பிளேயர்கள் பல பிழைகளைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். டிவியிலும் ஃபோனிலும் உள்ள சிப்புகளுக்கு அந்தப் பொறுமை எப்போதும் இருப்பதில்லை. முதலில் முழுக் கோப்பையும் டீகோட் செய்து பாருங்கள்:

```
ffmpeg -v error -i thani.mp4 -f null -
```

ஒரு வரியும் வராவிட்டால் நல்ல அறிகுறி. அதன் பிறகு கோப்பை ஃபோனில் போட்டு, ஒட்டிய இரண்டு இடங்களுக்கும் நேராகத் தாவிப் பாருங்கள். இங்கே அது ஆறாவது நொடியும், ஐந்து நிமிடம் 26-ஆவது நொடியும்.