சான்றிதழில் பெயர் பிழையில்லாமல் இருக்க

கருத்தரங்கச் சான்றிதழில் முதலில் சறுக்குவது தலைப்பெழுத்து. பதிவுப் படிவத்தில் ஆங்கிலத்தில் ‘ஆர். கலைவாணி’ என்றிருந்தால், தமிழில் அது ரா., இரா., ரெ. என எதுவாகவும் இருக்கலாம். ஊகித்து அச்சடிப்பதே பல பிழைகளுக்குக் காரணம். ‘சான்றிதழில் இடம்பெற வேண்டிய பெயர்’ என்று படிவத்தில் தனிக் கட்டம் வைத்து, அதையே எழுத்து மாறாமல் எடுக்க வேண்டும். முனைவர் பட்ட ஆய்வாளர் இன்னும் முனைவர் அல்லர். பட்டம் பெற்றவருக்கே அந்த அடைமொழி. கட்டுரை வாசித்தவருக்குக் கட்டுரைத் தலைப்புடன் ‘கட்டுரை வழங்கினார்’ என்றும், மற்றவருக்குப் ‘பங்கேற்றார்’ என்றும் இரு வாசகங்கள் தேவை.

எக்செல் பட்டியலில் பெயர் நெடுவரிசையை மட்டும் அகர வரிசைப்படுத்தினால், ஒருவர் பெயருக்கு எதிரே இன்னொருவர் கல்லூரி வந்துவிடும். எழுத்துப்பிழை ஏதும் இராது என்பதால் மெய்ப்பு பார்ப்பவர் கண்ணிலும் படாது. முழு அட்டவணையையும் சேர்த்தே வரிசைப்படுத்த வேண்டும்.

அச்சுக்கு முன், மதிய உணவு நேரத்தில் பட்டியலை மேசையில் வைத்து, அவரவர் பெயருக்கு எதிரே கையொப்பம் வாங்குவது நல்லது. சான்றிதழ்களுக்கும் பட்டியலின் வரிசை எண்ணையே இட்டால், வழங்கும்போது தேட வேண்டியதில்லை.