மாறும் வட்டி வீட்டுக்கடன்: தவணை கூடுவதா, காலம் நீளுவதா?

எமது கிராமங்களில் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்களில் கடன் எடுத்துப் பழகியவர்களுக்கு ஓர் எண்ணம் ஊறிப்போயுள்ளது. கடன் கைக்கு வரும் நாளில் சொல்லப்பட்ட வட்டிதான் கடைசித் தவணை வரைக்கும் என்பதே அது. அத்தகைய கடன்களுக்கு அது சரி. ஆனால் ஆசிரியர்களும் அரசாங்க ஊழியர்களும் வர்த்தக வங்கிகளில் பெறும் வீட்டுக்கடன்கள் பல இவ்வாறானவையல்ல. உடன்படிக்கையின் நடுப்பக்கம் ஒன்றில் “முதன்மைக் கடன் வீதத்துடன் 3 சதவீதம்” என்பதுபோல ஒரு வரி இருக்கும். கையொப்பமிடுபவர் பெரும்பாலும் வாசிக்காமல் விடுவதும் அந்த வரியைத்தான்.

முதன்மைக் கடன் வீதம் என்பது வர்த்தக வங்கிகள் தங்கள் மிகச் சிறந்த வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கடன்களின் சராசரி வட்டியாகும். பெருந்தொகை கொடுத்த கடனின் வட்டிக்கு இந்தச் சராசரியில் கூடிய நிறை கொடுக்கப்படும். மத்திய வங்கி இதனைக் கணித்து வாரந்தோறும் வெளியிடுகின்றது. எம்மைப் போன்றோர் அந்தச் சிறந்த வாடிக்கையாளர் வரிசையில் இல்லாதபடியால், வங்கி அதற்கு மேல் ஒரு பங்கைச் சேர்த்துக்கொள்கின்றது. இந்த மேலதிகப் பங்கு வழமையாக மாறாது. அடியிலுள்ள வீதமே மாறும்.

அது எவ்வளவு மாறும் என்பதை அண்மைக்கால அனுபவம் காட்டியது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் இவ்வீதம் 9 சதவீதத்திற்கும் குறைவாக இருந்தது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தனது கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அவ்வாண்டு முடிவில் முதன்மைக் கடன் வீதம் 27 சதவீதத்தையும் தாண்டியிருந்தது. 2023இன் இறுதியில் அது ஏறத்தாழ 12 சதவீதத்துக்கு இறங்கியது.

வீதம் வாரந்தோறும் வெளிவந்தாலும் கடனின் வட்டி வாரந்தோறும் மாறுவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவையோ ஆறு மாதத்துக்கு ஒரு தடவையோ என உடன்படிக்கையில் ஒரு மீளாய்வு நாள் குறிக்கப்பட்டிருக்கும். அந்த நாளுக்குரிய வீதத்தை எடுத்து, அதனுடன் மேலதிகப் பங்கைக் கூட்டி, மீதியாயுள்ள முதலுக்குப் புதிய வட்டியை வங்கி பிரயோகிக்கும். இனி ஒரு கணக்கைப் பார்ப்போம்.

நாற்பத்து மூன்று வயதுள்ள ஓர் ஆசிரியை 10 இலட்சம் ரூபாவை 15 ஆண்டுகளுக்குப் பெறுகின்றார் என வைத்துக்கொள்வோம். அடிவீதம் 9, மேலதிகம் 3, மொத்தம் 12 சதவீதம். மாதத்தவணை 12,002 ரூபா. இரண்டு ஆண்டுகளில் அவர் 2 இலட்சத்து 88 ஆயிரம் ரூபா கட்டிவிடுவார். ஆனால் முதலில் குறைந்தது 54 ஆயிரம் மாத்திரமே. மீதி 9 இலட்சத்து 46 ஆயிரம் அப்படியே நிற்கும். “இவ்வளவு கட்டியும் கடன் குறையவில்லையே” என்று பலர் வங்கியைக் குறை கூறுவதுண்டு. வங்கி களவெடுக்கவில்லை. நீண்டகாலக் கடனின் ஆரம்ப ஆண்டுகளில் தவணையின் பெரும்பகுதி வட்டிக்கே போகும். வட்டி உயர்வு அதிகம் கடிப்பதும் இந்த ஆண்டுகளில்தான்.

இப்போது அடிவீதம் 11 ஆகின்றது. மொத்த வட்டி 14. வங்கிக்கு இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, மீதியுள்ள 156 மாதங்களை மாற்றாமல் தவணையைக் கூட்டுவது. புதிய தவணை 13,198 ரூபா. மாதம் ஏறத்தாழ 1,200 ரூபா கூட. மற்றையது, தவணையை 12,002 ஆகவே விட்டுக் காலத்தை நீட்டுவது. கேட்பவருக்கு இது இனிக்கும், சம்பளத்தில் ஒரு சதமும் கூடுதலாகக் கழியாதல்லவா? ஆனால் 14 சதவீத வட்டியில் முதல் மாதத்து வட்டி மாத்திரம் 11,037 ரூபா. தவணையில் முதலுக்குப் போவது 965 ரூபாதான். இந்த வேகத்தில் கடன் தீர 156 மாதங்கள் போதாது, 218 மாதங்கள் செல்லும். இரண்டு சதவீத உயர்வுக்கு விலை ஐந்து ஆண்டுகள்! தவணையைக் கூட்டியிருந்தால் இனிக் கட்டவேண்டிய மொத்தம் ஏறத்தாழ 20 இலட்சத்து 59 ஆயிரம்; காலத்தை நீட்டினால் 26 இலட்சத்து 8 ஆயிரம். வித்தியாசம் ஐந்தரை இலட்சம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆசிரியைக்கு இப்போது 45 வயது. 218 மாதங்கள் கழிய அவருக்கு 63. ஓய்வுபெறும் வயது 60. ஆகவே காலத்தை அவ்வளவுக்கு நீட்ட வங்கி உடன்படாமலும் போகலாம். அப்போது இரண்டும் கலந்த ஒழுங்கே கிடைக்கும்: காலம் கொஞ்சம் நீளும், தவணையும் கொஞ்சம் ஏறும்.

அடிவீதம் 13 ஆகி மொத்தம் 16க்கு வந்தால் என்ன நடக்கும்? மீதி முதலுக்கு மாத வட்டி 12,613 ரூபா. பழைய தவணை 12,002. வட்டிக்கே 611 ரூபா குறைகின்றது. எத்தனை ஆண்டு நீட்டினாலும் இந்தக் கடன் தீராது, மாதாமாதம் வளரும். இங்கு காலத்தை நீட்டுதல் என்ற வழியே அடைபட்டுவிடுகின்றது. 2022இன் இறுதியில் இருந்ததுபோல் மொத்தம் 30 சதவீதமானால் அதே முதலுக்கு மாத வட்டி 23,650 ரூபா, அதாவது பழைய தவணையின் இரட்டிப்புக்குக் கிட்ட. அக்காலத்தில் பல குடும்பங்கள் நகையை அடகுவைத்துத் தவணை கட்டியது ஆடம்பரத்தாலன்று என்பதை இந்தக் கணக்கிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம்.

தம் கடன் எந்த வட்டியில் இந்த எல்லையைத் தொடும் என்பதை எவரும் கணிக்கலாம். மாதத்தவணையை 12ஆல் பெருக்கி, மீதி முதலால் வகுத்து, 100ஆல் பெருக்குக. ஆசிரியையின் கடனுக்கு விடை 15.2. வட்டி அதனை நெருங்கும்போதே காலம் பாய்ந்து நீளும்; அதனைத் தாண்டினால் கடன் ஏறத் தொடங்கும். மீதி முதல் எவ்வளவு என்பது வங்கி தரும் கடன் கூற்றில் உள்ளது. வருடத்துக்கு ஒரு தடவையாவது அதனைக் கேட்டு வாங்கி, முதல் உண்மையில் குறைகின்றதா என்று பார்க்கவேண்டும். வங்கிகள் பல வட்டியை நாட்கணக்கில் கணிப்பதால் மேற்காட்டிய தொகைகள் சில ரூபாய்களால் வேறுபடலாம்.

அடிக்கடி நேரும் இடர் ஒன்றையும் சொல்லவேண்டும். வங்கி தவணையை உயர்த்திக் கடிதம் அனுப்புகின்றது. சம்பளக் கணக்கிலிருந்து கடன் கணக்குக்குப் பணம் மாற்றும்படி முன்னர் கொடுத்த கட்டளை பழைய தொகையிலேயே இருக்கின்றது. கட்டுபவர் ஒழுங்காகக் கட்டுவதாகவே நினைப்பார். மாதம் 1,200 ரூபா குறை விழுந்து, அதன்மேல் தாமத வட்டி ஏறி, நிலுவையாகப் பதிவாகும். அடுத்த கடனுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் அது வெளிப்படும். எனவே மீளாய்வு நாளுக்கு அடுத்த வாரமே கடன் கணக்கின் புதிய தவணையையும் கட்டளையிலுள்ள தொகையையும் ஒப்பிட்டுக்கொள்ளவேண்டும்.

வீதம் இறங்கும்போதும் இரண்டு வழிகள்தான். ஆசிரியை 14 சதவீதத்தில் ஓராண்டு 13,198 ரூபா கட்டியபின் வட்டி மீண்டும் 12 ஆனால், மீதி முதல் 9 இலட்சத்து 18 ஆயிரம், மீதிக் காலம் 144 மாதங்கள். தவணையைக் குறைத்தால் 12,062 ரூபாவாகும். குறைக்காமல் 13,198ஐயே தொடர்ந்து கட்டினால் 120 மாதங்களில் கடன் முடிந்துவிடும். இரண்டு ஆண்டுகள் மிச்சம். சமாளிக்கக்கூடியவர் இரண்டாவதையே கேட்கவேண்டும் என்பது என் கருத்து. வங்கி தானாக எதைச் செய்யும் என்று காத்திராமல், “தவணையை மாற்றாது காலத்தைக் குறைக்கவும்” என எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை பெற்றுக்கொள்வது நல்லது.

வட்டி இறங்கிய செய்தியைப் பத்திரிகையில் பார்த்தும் தவணை இறங்கவில்லையெனின், காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். மீளாய்வு நாள் இன்னும் வரவில்லை. வந்ததும் புதிய வீதம் பிரயோகமாகும், ஆனால் இடைப்பட்ட மாதங்களுக்கு அது பின்னோக்கிச் செல்லாது. அல்லது உடன்படிக்கையில் “எந்நிலையிலும் இத்தனை சதவீதத்துக்குக் குறையாது” என்று ஓர் அடிமட்ட வரம்பு இருக்கும். ஆசிரியையின் உடன்படிக்கையில் அந்த வரம்பு 12 என எழுதப்பட்டிருந்தால், அடிவீதம் 8க்கு வந்தாலும் அவர் 11 அல்ல, 12 சதவீதமே கட்டுவார். அதேபோல் ஒரு மேல்மட்ட வரம்பும் எழுதப்பட்டுள்ளதா என்பதைக் கையொப்பமிடுமுன் கேட்டுப் பார்க்கவேண்டும். அடிமட்டம் மட்டும் எழுதி மேல்மட்டத்தை எழுதாமல் விட்ட உடன்படிக்கையில், வீதம் ஏறும்போது முழுச் சுமையும் கடனாளிக்கு, இறங்கும்போது நன்மையின் ஒரு பகுதி வங்கிக்கு.