ஏஐ படம் வரைய மறுக்கிறதா?

ரத்த தான முகாம் போஸ்டருக்காக, 'பையன் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறார்கள்' என்று கேட்டால் சில ஏஐ செயலிகள் மறுக்கும். ஊசி, ரத்தம், சிறுவன் மூன்றும் சேர்ந்தால் வன்முறையாகவோ போதைப் பழக்கமாகவோ அவை எடுத்துக்கொள்ளலாம்.

* இடத்தை முதலில் சொல்லுங்கள், வயதையும் குறிப்பிடுங்கள். 'ரத்த தான முகாம். முப்பது வயது ஆண் நாற்காலியில் சாய்ந்து சிரிக்கிறார், முழங்கை மடிப்பில் பிளாஸ்திரி, பக்கத்தில் நர்ஸ்' என்று எழுதலாம்.

* கேட்டவுடன் மறுத்தால் பெரும்பாலும் சொல்லில்தான் சிக்கல். வரைந்த பிறகு படத்தை மறைத்தால் காட்சியை மாற்றுங்கள். ஊசிக்குப் பதில் பிளாஸ்திரி போதும்.

* ஒரு தடவைக்கு ஒரு சொல்லை மட்டும் மாற்றுங்கள். எது தடுத்தது என்று புரியும்.

* தடையைத் தாண்ட எழுத்தைத் திரித்து எழுத வேண்டாம், படம்தான் குழம்பும்.