மூன்றாவது மாடியில் தையல் கடை

மயிலாப்பூர்,
செவ்வாய் இரவு

அன்புள்ள காவ்யா,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆஃபர் லெட்டரை லஸ் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து, எதிரே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "சரி மாமா, சரி மாமா" என்பாய். வைத்த பிறகு ஹாஸ்டல் தோழிகள் சொல்வதைக் கேட்பாய். எழுதிக் கொடுத்தால் இரண்டாம் முறை படிக்கலாம் அல்லவா?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இது போலி. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அவர்கள் கேட்கும் 2,850 ரூபாயை அனுப்பாதே. எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன், ஏனென்றால் முதல் நாள் நானே கொஞ்சம் ஏமாந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை லெட்டரைப் பார்த்ததும் அடியில் இருந்த சிஐஎன் எண்ணைத்தான் தேடினேன். கம்பெனியாகப் பதிவான எந்த நிறுவனத்துக்கும் எழுத்தும் எண்ணுமாக 21 இடங்கள் கொண்ட அந்த அடையாள எண் உண்டு. அதைப் படிக்கத் தெரிந்தால் பாதிக் கதை தெரிந்துவிடும். முதல் எழுத்து U என்றால் பங்குச் சந்தையில் இல்லாத கம்பெனி, L என்றால் பங்குச் சந்தையில் உள்ளது. அடுத்த ஐந்து எண்கள் தொழிலைக் குறிக்கும். பிறகு TN என்று மாநிலம், நான்கு இலக்கத்தில் பதிவான வருஷம், PTC என்றால் பிரைவேட் லிமிடெட், கடைசி ஆறும் பதிவு எண். "1995 முதல்" என்று பெருமை பேசும் லெட்டரில் சிஐஎன் வருஷம் 2023 என்று இருந்தாலோ, பிரைவேட் லிமிடெட் என்று பெயர் போட்டுவிட்டு எண் L-இல் தொடங்கினாலோ, அங்கேயே சந்தேகப்பட வேண்டும்.

உன் லெட்டரில் அப்படி எந்தக் கோளாறும் இல்லை. கம்பெனி விவகார அமைச்சகத்தின் mca.gov.in தளத்தில் தேடினேன். கம்பெனி இருக்கிறது, பெயரும் வருஷமும் சரியாக இருக்கின்றன. 'பரவாயில்லையே, நம்ம பொண்ணுக்கு வேலை கிடைச்சிடுச்சு' என்று உன் மாமியிடம் சொல்லிக் காபி கூடக் கேட்டேன்.

காபி ஆறுவதற்குள் புத்தி வந்தது. கம்பெனி நிஜம் என்றால் லெட்டர் நிஜம் என்று ஆகிவிடுமா? சிஐஎன் ரகசியம் இல்லை. கம்பெனியின் லெட்டர்ஹெட்டிலும் பில்லிலும் அச்சாகி வருவதுதான். யார் வேண்டுமானாலும் எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். லோகோவும் அப்படித்தான், எம்.டி. பெயரும் அப்படித்தான். லெட்டருக்குள் இருக்கும் எதையும் வைத்து லெட்டரைச் சோதிக்கக் கூடாது என்பதை, முப்பது வருஷம் பணியாளர் பிரிவில் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் டைப் அடித்த நானே மறந்துவிட்டேன்.

அதனால் லெட்டர் வந்த வழியைப் பார்த்தேன். மெயில் முகவரியில் கம்பெனி பெயர் இருந்தது, அதனால்தான் நீ நம்பினாய். ஆனால் பெயர் எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு. @ குறிக்குப் பின்னால் வருவதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். ஒரு கம்பெனியின் தளம் example.com என்று வைத்துக்கொள்:

```
hr@careers.example.com
hr@example-careers.com
```

முதலாவது அந்தக் கம்பெனியுடையது. கடைசிப் புள்ளிக்கு இடப்பக்கம் ஒட்டி நிற்கும் பெயர் example. Careers அதன் கிளை. இரண்டாவதில் நடுவே இருப்பது புள்ளி இல்லை, ஒரு சின்னக் கோடு. அதனால் அது முற்றிலும் வேறு பெயர்; சில நூறு ரூபாய் கட்டி யார் வேண்டுமானாலும் வாங்கலாம். உனக்கு வந்தது இரண்டாவது ஜாதி. அந்தப் பெயர் என்றைக்குப் பதிவானது என்பதை 'ஹூயிஸ்' தேடலில் போட்டால் தேதி காட்டும். உன் லெட்டர் வருவதற்குப் பத்தொன்பது நாள் முன்புதான் பதிவாகியிருக்கிறது.

திங்கட்கிழமை காலை கம்பெனிக்குப் போன் போட்டேன். லெட்டரில் உள்ள செல் நம்பருக்கு இல்லை; அதில் கூப்பிட்டால் அவர்களே எடுத்து "ஆமாம் சார், கன்ஃபர்ம்" என்பார்கள். கம்பெனியின் சொந்தத் தளத்தில் இருந்த லேண்ட்லைன் எண்ணுக்குப் போட்டேன். ஹெச்.ஆரில் பேசிய பெண், கையெழுத்துப் போட்டவர் பெயரைக் கேட்டதும், "அப்படி யாரும் இங்க இல்லை சார். நாங்க யார்கிட்டயும் பணம் வாங்கறதில்லை" என்றாள். இரண்டு நிமிஷம் ஆகவில்லை.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் லெட்டரில் 'சேர்க்கைப் பிரிவு' என்று தி.நகர் முகவரி ஒன்று இருந்ததே, அது மனதைக் குடைந்தது. இன்றைக்கு பஸ் பிடித்துப் போனேன். உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெரு. கீழே பாத்திரக் கடை, மேலே ஒரு டியூஷன் சென்டர். மூன்றாவது மாடியில் ஆறேழு பேர் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தார்கள். இறங்கி வரும்போது வாட்ச்மேன் என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இந்த வாரத்துல நீங்க நாலாவது ஆளு சார்" என்றார். எனக்கு முன்னால் வந்த மூன்று பேரும் பணம் கட்டுவதற்கு முன்னால் வந்தார்களா, கட்டிவிட்டு வந்தார்களா என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

லெட்டரிலேயே ஒரு தடயம் இருந்தது. என் தொழில் கண்ணுக்குத் தாமதமாகத்தான் பட்டது. வருஷச் சம்பளம் 4,20,000, மாதம் கையில் 35,000 என்று போட்டிருக்கிறார்கள். 35,000-ஐப் பன்னிரண்டால் பெருக்கிப் பார், அப்படியே 4,20,000 வரும். அதாவது பி.எஃப். இல்லை, தொழில் வரி இல்லை, ஒரு ரூபாய் பிடித்தம் இல்லை. நிஜ ஆர்டர் படிக்கவே அலுப்பாக இருக்கும்: பேசிக் இவ்வளவு, வீட்டு வாடகைப்படி இவ்வளவு, பிடித்தம் இவ்வளவு, நோட்டீஸ் காலம் இத்தனை நாள் என்று ஓடும். உனக்கு வந்ததில் அதெல்லாம் நாலே வரி. பதிவுக் கட்டணத்துக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம். சின்னக் கம்பெனிகள் அரைகுறையாக லெட்டர் கொடுப்பதுண்டு, ஆகவே இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

"ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் எல்லாரும்தானே மாமா வாங்கறாங்க, டி.என்.பி.எஸ்.சி. கூட வாங்குதே" என்றாய். அந்த வார்த்தை நமக்குப் பழகியிருப்பதால்தான் அவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். டி.என்.பி.எஸ்.சி. ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய் வாங்குகிறது, அது ஐந்து வருஷம் செல்லும். ஆனால் அதைக் கட்டுவது விண்ணப்பம் போடுகிறவர், தேர்வுக்கு முன்னால், ஆணையத்தின் சொந்தத் தளத்தில். வேலை தருவதாக அங்கே யாரும் சொல்வதில்லை. உன்னிடம் கேட்பது "தேர்வாகிவிட்டாய்" என்று சொன்ன பிறகு. ஒரு முதலாளிக்கு அந்த இடத்தில் உன்னிடம் வாங்க வேண்டிய பணம் எதுவும் கிடையாது. லேப்டாப் டெபாசிட், சரிபார்ப்புக் கட்டணம், யூனிஃபார்ம் என்று பெயர் மாற்றினாலும் சங்கதி ஒன்றுதான்.

சந்தேகம் வந்தால் ஒரே வரி எழுதிப் பார்: "கட்டணத்தை முதல் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்." நேற்று உன்னை அப்படி எழுதச் சொன்னேன் அல்லவா? பத்து நிமிஷத்தில் "சிஸ்டம் ஒப்புக்கொள்ளாது, இன்னும் மூன்று இடம்தான் பாக்கி" என்று பதில் வந்தது. சம்பளம் கொடுக்கப்போகிற கம்பெனிக்குச் சம்பளத்தில் பிடிக்க முடியாதாம்!

உன் அப்பா, "தெரிஞ்சவங்க மூலமா வந்த வேலைதானே" என்றார். அவருக்கு 2022-இல் நடந்ததைச் சொல். அந்த வருஷம் ஜூன், ஜூலையில் தமிழ்நாட்டு இளைஞர்கள் 28 பேர் ரயில்வே வேலைக்குப் பயிற்சி என்று நம்பி, டெல்லி ரயில் நிலையத்தில் ஒரு மாதம் நின்று, வருகிற போகிற ரயில்களையும் பெட்டிகளையும் தினம் எட்டு மணி நேரம் எண்ணினார்கள். டி.டி.இ., கிளார்க் வேலைக்கு அதுதான் பயிற்சி என்று சொல்லியிருந்தார்கள். ஆளுக்கு 2 லட்சத்திலிருந்து 24 லட்சம் வரை, மொத்தம் 2.67 கோடி ரூபாய் போயிற்று. பலர் பொறியியல் படித்தவர்கள். அவர்களை அழைத்துப் போன பெரியவரே பிறகு டெல்லி போலீஸில் புகார் கொடுத்தார். தானும் நம்பி ஏமாந்ததாகச் சொன்னார். புகாரின்படி, மருத்துவப் பரிசோதனைக்கு நிஜமான ரயில்வே மருத்துவமனைக்கே அழைத்துப் போயிருக்கிறார்கள். ஸ்டேஷன் நிஜம், ஆஸ்பத்திரி நிஜம், ரயில் நிஜம், வேலை மட்டும் பொய். ரயில்வே தேர்வு வாரியம் அந்த வேலைக்கு அறிவிப்புக் கொடுத்ததா, தாங்கள் தேர்வு எழுதினோமா என்ற இரண்டு கேள்விக்கும் அவர்களிடம் பதில் இருந்திருக்காது.

இனி நீ செய்ய வேண்டியது. ஆதார், பான் நகல்களை ஏற்கெனவே அனுப்பிவிட்டாய். திரும்ப வாங்க முடியாது. sancharsaathi.gov.in தளத்தில் உன் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று இப்போதும் அடுத்த மாதமும் பார். தெரியாத எண் இருந்தால் அங்கேயே சொல்லலாம். அந்த லெட்டரையும் மெயிலையும் அழிக்காதே, புகாருக்கு வேண்டும்.

அடையாறு ஹாஸ்டலில் உன் அறைத் தோழியும் இதே லெட்டர் வாங்கி, நேற்று இரவு பணம் கட்டிவிட்டதாகச் சொன்னாய். அவளைத் திட்டாதே. பணம் போன பெயர் தனி ஆள் பெயராக இருந்திருக்கும்; இப்படிப்பட்ட கணக்கிலிருந்து பணம் மளமளவென்று அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போய்விடும். அதற்குள் வங்கியை நிறுத்தச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் 1930 என்ற எண் இருக்கிறது. தாமதமாகக் கூப்பிட்டால் பணம் கிடைப்பது கஷ்டம். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் அவளைக் கூப்பிடச் சொல். யூபிஐ ரசீதில் உள்ள 12 இலக்க எண், அனுப்பிய நேரம், தொகை மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளட்டும். பிறகு cybercrime.gov.in தளத்திலும் பதிய வேண்டும்.

வியாழக்கிழமை காலை இருவரும் இங்கே வந்துவிடுங்கள், வேப்பேரி கமிஷனர் அலுவலகத்துக்கு நானும் வருகிறேன். தி.நகர் வாட்ச்மேனின் நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
மாமா